அண்ணன் அனுப்பியது கூடியது, தம்பி அனுப்பியது குறைந்தது: நீடாமங்கலம் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் 2014–2016 கணக்கு

நீடாமங்கலத்துக்கும் கொரடாச்சேரிக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்துக் குடும்பம் இது. ஆறு மா நிலம், பாதி கட்டிய வீடு, இரண்டு பிள்ளைகள். மூத்தவர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். இளையவர் 2014 நடுவில் மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இங்கே அம்மா, மூத்தவரின் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு குழந்தைகள். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட குடும்பம் தெருவுக்கு நான்கு உண்டு. வரவு செலவு எழுதிக் கொடுப்பது என் தொழில் என்பதால் இவர்களுடைய கணக்கு என் கைக்கு வந்தது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றி, தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். ரேட் எல்லாம் அந்தந்த மாதச் சந்தையை ஒட்டிய சுமாரான ரேட்.

2015 செப்டம்பர் கடைசியில் அந்த அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மாதம், பெயர், வந்த ரூபாய், இவ்வளவுதான் அதில் இருந்தது. 2014 ஆகஸ்டில் மூத்தவர் பெயருக்கு நேராக 23,100, இளையவர் பெயருக்கு நேராக 22,800. ஒரு வருஷம் கழித்து மூத்தவருக்கு 25,200, இளையவருக்கு 18,000.

“பெரியவன் கூட்டிக் கூட்டி அனுப்புறான் தம்பி. சின்னவன் கொறைச்சுக்கிட்டே வர்றான். அங்க ஏதோ செலவு பழகிட்டான் போல, கேட்டா கோவிச்சுக்கிறான்” என்றார்.

நோட்டை மட்டும் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் இளையவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த ரசீதுகளை மருமகளின் போனில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. எல்லா ரசீதிலும் மேல் வரியில் ஒரே தொகை, 1,200 ரிங்கிட். ஒரு மாதம்கூடக் குறையவில்லை. மூத்தவரும் அப்படியே, மாதம் 1,400 திர்ஹம். அவர் கூட்டவும் இல்லை, இவர் குறைக்கவும் இல்லை. மாறியது ரசீதின் நடுவில் சின்ன எழுத்தில் இருந்த ரேட் மட்டும்தான். திர்ஹம் பதினாறரை ரூபாயிலிருந்து 18 ஆகியிருந்தது. ரிங்கிட் 19-லிருந்து 15-க்கு வந்திருந்தது.

அந்த அம்மாவின் சந்தேகத்தில் தப்பு சொல்ல முடியாது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எங்கள் பகுதி முழுக்க ஒரு பாடம் படித்திருந்தது. 2013 மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பென் பெர்னான்கி, மாதாமாதம் கடன் பத்திரம் வாங்குவதை மெதுவாகக் குறைக்கலாம் என்று சொன்னார். அதைக் கேட்டதும் இந்தியா மாதிரி நாடுகளில் போட்டிருந்த பணத்தை வெளிநாட்டுக்காரர்கள் எடுக்க ஆரம்பித்தார்கள். 55-ஐ ஒட்டி இருந்த டாலர் ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. 15 ரூபாய் இருந்த திர்ஹம் 18-ஐத் தாண்டியது. ரிங்கிட்டும் 18-லிருந்து 20-க்கு மேல் போனது. சறுக்கியவற்றில் ரூபாய் மிக மோசமாகச் சறுக்கியதால், எந்த நாட்டில் வேலை பார்த்தாலும் வீட்டுக்கு வரும் ரூபாய் கூடியது. செப்டம்பர் 4 அன்று ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநர் ஆனார். அவர் எடுத்த நடவடிக்கைகளோடு அக்டோபருக்குள் டாலர் 61, 62 என்று இறங்கிவிட்டது. ஆனால் ‘டாலர் ஏறினால் நமக்கு லாபம்’ என்ற நினைப்பு மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது.

2015-லும் டாலர் ஏறியது. 61 இருந்தது 66 ஆனது. டிவியில் ‘ரூபாய் மதிப்பு சரிவு’ என்று ஓடியது. அதைப் பார்த்த அம்மா இரண்டு பிள்ளைகளிடமிருந்தும் கூடுதலாக வரும் என்று எதிர்பார்த்தார். ஒருவரிடமிருந்து வந்தது, இன்னொருவரிடமிருந்து வரவில்லை. அப்போது சந்தேகம் ஆள் மேல்தான் போகும்.

ஏன் இப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டி வைத்திருக்கிறது. சவூதி ரியால் 3.75, கத்தார் ரியால் 3.64. இந்த எண்கள் அசைவதில்லை. அதனால் ஷார்ஜாவில் இருப்பவருக்குக் கணக்கு சுலபம். டாலருக்கு எத்தனை ரூபாயோ அதை 3.6725-ஆல் வகுத்தால் திர்ஹமின் ரேட் வந்துவிடும். டாலர் 66 என்றால் திர்ஹம் 18. டிவி சொல்லும் டாலர் செய்தி அவருக்கு நேரடியான செய்தி.

ரிங்கிட் அப்படி இல்லை. 2005 ஜூலை வரை அதுவும் ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டப்பட்டிருந்தது, அப்புறம் அவிழ்த்துவிட்டார்கள். அதனால் ஜொகூரில் இருப்பவருக்கு இரண்டு எண் வேண்டும்: டாலருக்கு எத்தனை ரூபாய், டாலருக்கு எத்தனை ரிங்கிட். முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 2014 ஆகஸ்டில் டாலருக்கு ஏறக்குறைய 61 ரூபாய், 3.16 ரிங்கிட். வகுத்தால் 19 சொச்சம். 2015 செப்டம்பர் கடைசியில் 66 ரூபாய், 4.40 ரிங்கிட். வகுத்தால் 15. டாலருக்கு எதிராக ரூபாய் ஒரு படி இறங்கியது, ரிங்கிட் நான்கு படி இறங்கியது. டிவியில் ஓடியது முதல் எண் மட்டும். இந்த வீட்டைப் பாதித்தது இரண்டாவது எண்.

ரிங்கிட் அவ்வளவு இறங்கியதற்குப் பெரிய காரணம் கச்சா எண்ணெய். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது, 2015 ஜனவரியில் 50-க்குக் கீழே வந்துவிட்டது. மலேசியா எண்ணெயும் எரிவாயுவும் விற்கும் நாடு. அரசின் வருமானத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதே நேரத்தில் 1எம்டிபி என்ற மலேசிய அரசு முதலீட்டு நிறுவனத்தின் நிதி ஊழல் செய்திகள் வெளிவந்தன. 2015 ஆகஸ்ட் 11 அன்று சீனா தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தது, அதுவும் பக்கத்து நாடுகளின் நாணயங்களைச் சேர்த்து இழுத்தது. இந்தியா எண்ணெய் வாங்கும் நாடு. விலை இறங்கியது நமக்கு நல்லது, அதனால் ரூபாய் அந்த அளவு விழவில்லை. ஆக, இந்தியாவுக்கு நல்லதாக அமைந்த ஒரு விஷயம்தான் மலேசியாவில் வேலை பார்க்கும் டெல்டாக்காரரின் வீட்டுக்கு வரும் பணத்தைக் குறைத்தது. சிங்கப்பூர் வெள்ளி சம்பாதித்தவர்களுக்கு இந்த அதிர்ச்சி இல்லை. அங்குள்ள நாணய ஆணையம் பல நாணயங்கள் சேர்ந்த ஒரு கூடையை வைத்துத் தன் வெள்ளியை நிர்வகிப்பதால், அந்த ஒரு வருஷத்தில் 48-ஐ ஒட்டி இருந்தது 47-ஐ ஒட்டி வந்தது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் விளக்கியபோது அவர் கேட்ட கேள்வி நியாயமானது: “சரி, ரேட்டு கொறஞ்சா அவன் கொஞ்சம் கூட்டிப் போடக் கூடாதா?” கணக்குப் போட்டுக் காட்டினேன். இளையவரின் சம்பளம் 1,900 ரிங்கிட். அதில் 1,200 அனுப்பிவிட்டு 700-இல் சாப்பாடு, போன், வார விடுமுறை, மருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். 15 ரூபாய் ரேட்டில் பழையபடி 22,800 ரூபாய் வீட்டுக்கு வர வேண்டும் என்றால் அவர் 1,520 ரிங்கிட் அனுப்ப வேண்டும். மிச்சம் 380. அதுவும் 2015 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் ஆறு சதவீத ஜிஎஸ்டி வந்து, அங்கே கடையில் வாங்கும் பல பொருள்களின் விலை கூடியிருந்த நேரம். 380 ரிங்கிட்டில் ஒரு மாதம் ஓட்ட முடியாது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மருமகளிடம் போனை வாங்கி, அந்த ரசீதுகளைத் தானே ஒரு தடவை பார்த்தார்.

இனி வீட்டுச் செலவு. 2014 ஆகஸ்டில் இரண்டு பேர் பணமும் சேர்ந்து 45,900 வந்தது. அதை நம்பி அவர்கள் போட்டிருந்த மாதக் கட்டுகள் இவை. வீட்டுக் கடன் 10 லட்சம், பத்து சதவீத வட்டி, 15 வருஷம். அதற்குத் தவணை 10,750. இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டுக்கு மாதம் 10,000. மளிகை, காய்கறி, கரண்ட் என்று 14,000. பள்ளிக் கட்டணத்துக்கு மாதக் கணக்கில் 3,500. அம்மாவின் மருந்து 1,500. இளையவரை அனுப்புவதற்கு ஏஜென்ட், டிக்கெட் என்று வெளியில் வாங்கிய 1,20,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி, அதாவது மாதம் 2,400. மொத்தம் 42,150. மிச்சம் 3,750. அதை ஏஜென்ட் கடனின் அசலில் கழித்துக்கொண்டு போவது என்று திட்டம். நிலத்திலிருந்து வருவதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. சரியாகத்தான் செய்தார்கள். ஜூன் 12 அன்று திறக்க வேண்டிய மேட்டூர் அணை அந்த வருஷங்களில் தள்ளித் தள்ளித்தான் திறந்தது. பம்பு செட் இல்லாதவருக்குக் குறுவை இல்லை, ஒரு போக சம்பாதான்.

ஒரு வருஷம் கழித்து வந்தது 43,200. அண்ணனின் பணத்தில் 2,100 கூடி, தம்பியின் பணத்தில் 4,800 குறைந்ததன் விளைவு. அசல் கொஞ்சம் கழிந்ததால் வட்டி 1,700 ஆகியிருந்தது, ஆனால் மளிகை 15,500-ஐத் தொட்டிருந்தது. துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயை நோக்கிப் போன வருஷம் அது. ஆக மொத்தச் செலவு 42,950, மிச்சம் 250. வெளியிலிருந்து பார்த்தால் வீடு நன்றாக ஓடுகிற மாதிரிதான் இருந்தது. தவணை நிற்கவில்லை, சீட்டு நிற்கவில்லை. அசல் கழிவது மட்டும் நின்றுவிட்டது. ரேட் விழுந்ததன் பாதிப்பு பெரும்பாலும் இப்படித்தான் முதலில் தெரியும். சாப்பாட்டிலோ பள்ளிக் கட்டணத்திலோ தெரியாது. கடன் குறைகிற வேகத்தில் தெரியும்.

அந்தக் கடனை இளையவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் கடுமை. அவர் ரிங்கிட்டில் சம்பாதிக்கிறார், கடன் ரூபாயில் இருக்கிறது. வாங்கியபோது 1,20,000 ரூபாய் என்பது 19 ரேட்டில் ஏறக்குறைய 6,300 ரிங்கிட். ஒரு வருஷத்தில் 35,000 ரூபாய் அசல் கட்டினார்கள். அந்தந்த மாத ரேட்டில் பார்த்தால் சுமார் 2,000 ரிங்கிட். மிச்சம் 85,000 ரூபாய். 15 ரேட்டில் அது ஏறக்குறைய 5,670 ரிங்கிட். அதாவது 2,000 ரிங்கிட் கட்டிய பிறகும் அவருடைய கடன் ரிங்கிட் கணக்கில் 650-தான் குறைந்திருந்தது. ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால்வாசிக்கு ஈடான பணம் ரேட்டில் கரைந்துவிட்டது. வெளிநாடு போவதற்கு வாங்கும் கடனில் வட்டியைத்தான் எல்லோரும் பேரம் பேசுகிறோம். கடன் எந்த நாணயத்தில், சம்பாத்தியம் எந்த நாணயத்தில் என்பதை யாரும் பேசுவதில்லை. என் பார்வையில் இந்தக் குடும்பத்தின் அடிப்படைச் சிக்கலே இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

அக்டோபரில் இளையவர் ஒரு முடிவு எடுத்தார். “ரேட் இப்ப ரொம்ப அடிமட்டத்துல கெடக்கு. ரெண்டு மூணு மாசம் இங்கயே வச்சிருந்து ஏறுனதும் மொத்தமா போடுறேன்” என்று அண்ணனிடம் சொன்னார். அவருடைய அறையில் இருந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்களாம். அண்ணனும் சரி என்றார். இடைப்பட்ட மாதங்களுக்கு இங்கே நகையை அடகுக்கடையில் வைத்து மாதம் 18,000 எடுத்தார்கள். வட்டி இரண்டு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு போதும், அதை யாரும் போடவில்லை. ரிங்கிட் 15 ரூபாய் என்றால் அதில் இரண்டு சதவீதம் 30 காசு. இங்கே இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கி அங்கே காத்திருந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ரேட் 30 காசு ஏறினால்தான் கட்டுப்படியாகும். ஒரு மாதம் என்றால் 15.30, இரண்டு மாதம் என்றால் 15.60, மூன்று மாதம் என்றால் 15.90. அதற்குக் குறைவாக ஏறினால், ரேட் ஏறியும் வீட்டுக்கு நஷ்டம்.

என்ன நடந்தது? அந்த மூன்று மாதமும் ரிங்கிட் பதினைந்துக்கும் பதினாறுக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பொறுமை போய் டிசம்பர் கடைசியில் மூன்று மாதப் பணத்தையும் சேர்த்து 3,600 ரிங்கிட்டை 15.40-க்கு அனுப்பினார். வந்தது 55,440 ரூபாய். அடகுக்கடையில் கட்ட வேண்டியிருந்தது அசல் 54,000. முதல் மாதம் எடுத்த 18,000-க்கு மூன்று மாத வட்டி, இரண்டாவதுக்கு இரண்டு மாதம், மூன்றாவதுக்கு ஒரு மாதம் என்று வட்டி 2,160. மொத்தம் 56,160. மீட்டு வர 720 ரூபாய் கையிலிருந்து போட்டார்கள். அவர் காத்திருக்க ஆரம்பித்தபோது ரேட் 15.20 இருந்தது. 20 காசு ஏறியதில் கிடைத்த லாபமும் 720 ரூபாய்தான். 720 சம்பாதிக்க 2,160 செலவு.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2016 ஏப்ரலில் ரிங்கிட் 17-ஐத் தொட்டது. அதுவரை அந்த மூன்று மாதப் பணத்தை வைத்திருந்தால் 61,200 வந்திருக்கும். வட்டி ஐயாயிரத்து நானூறு போனாலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். உண்மைதான். ஆனால் டிசம்பரில் நின்று பார்க்கிறவருக்கு ஏப்ரல் தெரியாது. ஜனவரியில் எண்ணெய் 30 டாலருக்குக் கீழே போனபோது, ரிங்கிட் இன்னும் விழும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். கையில் உபரிப் பணம் இருந்து, இங்கே கடன் எதுவும் இல்லாதவர் ரேட்டுக்காகக் காத்திருக்கலாம். அதில் பந்தயம் மட்டும்தான் இருக்கிறது, வட்டி இல்லை. வட்டி ஓடும் வீட்டுக்கு அந்தப் பந்தயம் ஆகாது.

ரசீதுகளைப் பார்க்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சந்தையில் 15.00 இருந்த ஒரு நாளில் இளையவருக்குக் கிடைத்த ரேட் 14.80. சேவைக் கட்டணம் தனியாக 10 ரிங்கிட். கவுண்ட்டரில் அவர் கொடுத்தது 1,210, வீட்டுக்கு வந்தது 17,760. வந்த ரூபாயை, கொடுத்த ரிங்கிட்டால் வகுத்தால் 14.68. அதுதான் அவருக்குக் கிடைத்த உண்மையான ரேட். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வழியிலேயே போகிறது. ‘கட்டணம் இல்லை’ என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் ரேட்டை இன்னும் பத்துக் காசு குறைத்திருப்பார்கள். அதனால் கட்டணத்தையும் ரேட்டையும் தனித்தனியாகப் பார்க்காமல், இந்த ஒரு வகுத்தலைப் போட்டு இரண்டு மூன்று இடத்தை ஒப்பிட்டால் போதும். தம்பிக்கு ஏப்ரல் வரை காத்திருக்கத் தேவையில்லாமல் மாதம் நூறு, இருநூறு ரூபாய் மிச்சமாவதற்கு இது நிச்சயமான வழி. வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியலில் போட்டால் இதைவிட நல்ல ரேட் தருகிறோம் என்று அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள். அது சட்டத்துக்குப் புறம்பு என்பது ஒரு பக்கம். பணம் வந்து சேராவிட்டால் யாரிடமும் கேட்க முடியாது, வந்து சேர்ந்தாலும் நாளைக்கு வங்கியில் கடன் கேட்கும்போது வருமானம் என்று காட்ட ஒரு காகிதம் இருக்காது. அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொன்னேன், அவரும் போகவில்லை.

அண்ணனின் கதையும் அப்படியே நல்லதாக முடியவில்லை. திர்ஹம் டாலரோடு கட்டப்பட்டிருப்பதால் எண்ணெய் விலை விழுந்தது அதன் ரேட்டில் தெரியவில்லை. வேலையில் தெரிந்தது. வளைகுடா முழுக்கக் கட்டுமான வேலைகள் மெதுவாயின. சவூதியில் சம்பளம் வராமல் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் தவித்து, 2016 ஆகஸ்டில் நம் அரசு தலையிட வேண்டியிருந்தது. ஷார்ஜாவில் இவருக்கு அவ்வளவு மோசமில்லை, ஓவர்டைம் மட்டும் போனது. அனுப்புவது 1,400-லிருந்து 1,250 திர்ஹமாகக் குறைந்தது. 2016 தொடக்கத்தில் ரேட் 18.40 என்று நன்றாக இருந்தும் வந்தது 23,000. 2014-இல் பதினாறரை ரூபாய் ரேட்டில் வந்ததைவிட நூறு ரூபாய் குறைவு. ரிங்கிட் மாதிரி மிதக்கும் நாணயம் அடியை ரேட்டில் வாங்கிக்கொள்கிறது. கட்டி வைத்த நாணயத்தில் டாலர் ரேட் அசையாது, அடி ஆள் குறைப்பிலும் ஓவர்டைமிலும் விழுகிறது. வளைகுடா வீடுகளில் ரேட்டை மட்டும் பார்த்துத் திட்டம் போடுவது இதனால்தான் ஆபத்து.

அப்புறம், ரேட் கூடினால் மதிப்பு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. எங்கள் பக்கத்தில் பவுன் கணக்கு எல்லோருக்கும் புரியும், அதில் சொல்கிறேன். 2014 ஆகஸ்டில் ஆபரணத் தங்கம் பவுன் சுமார் 21,000 ரூபாய். அண்ணன் அனுப்பிய 1,400 திர்ஹம், 23,100 ரூபாய், ஒரு பவுனுக்கு மேல். 2024 செப்டம்பர் கடைசியில் திர்ஹம் 22 ரூபாய் 75 காசை ஒட்டி இருந்தது. அதே 1,400 திர்ஹம் அனுப்பினால் ஏறக்குறைய 31,850 ரூபாய். அப்போது பவுன் 56,000. அரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். தங்கம் உலகச் சந்தையிலேயே ஏறியது ஒரு காரணம் என்பதால் இதை மட்டும் அளவுகோலாக வைக்க முடியாது. ஆனாலும் மகளின் கல்யாணத்துக்குப் பவுன் சேர்க்கப் போனவருக்கு இதுதான் அளவு. பத்து வருஷமாகத் திர்ஹமில் சம்பளம் ஏறாமல், ரேட் ஏறியதை மட்டும் சம்பள உயர்வாக எண்ணியிருந்தவர்கள் இந்தக் கணக்கில் பின்னால்தான் போயிருக்கிறார்கள்.

2016 ஜனவரியில் இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் போனில் இருக்க, அம்மாவையும் மருமகளையும் வைத்துக்கொண்டு கணக்கைத் திருத்தினோம். நோட்டில் இரண்டு பத்தி கூடியது: அனுப்பிய வெளிநாட்டுப் பணம், அன்றைய ரேட். பிள்ளை குறைத்தாரா, ரேட் குறைந்ததா என்பது இனி நோட்டைப் பார்த்தாலே தெரியும். சம்பளம் வந்த வாரத்திலேயே அனுப்பிவிடுவது என்று தம்பி ஒப்புக்கொண்டார். மார்ச்சில் சீட்டு முடிந்து பணம் கைக்கு வந்தது. மாடி பூசுவதற்கு என்று வைத்திருந்த பணம் அது. அதிலிருந்து முதலில் 85,000 ஏஜென்ட் கடனை அடைக்கலாம் என்றபோது அண்ணனுக்கு மனசு வரவில்லை. “வீடு பூசாம நிக்குது, ஊர்ல என்ன நெனப்பாங்க?” என்றார். மாதம் 1,700 வட்டி மிச்சம் என்று மருமகள்தான் பேசி முடித்தார்.

மாதக் கட்டுகளை அன்றைய ரேட்டில் போடாமல், ரிங்கிட் 14, திர்ஹம் 16 என்று வைத்துப் போட்டோம். இளையவரின் 1,200 ரிங்கிட் 16,800. மூத்தவரின் 1,250 திர்ஹம் 20,000. மொத்தம் 36,800. கடனும் சீட்டும் முடிந்த பிறகு கட்டாயச் செலவு 31,250. மிச்சம் 5,550. அதனால் புதுச் சீட்டு 5,000-தான். ஏப்ரலில் ரிங்கிட் 17-ஐத் தொட்டபோது அம்மா பழையபடி பத்தாயிரம் சீட்டாகவே போடலாம் என்று ஆசைப்பட்டார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வேண்டாம் என்றார்கள். 14, 16-க்கு மேல் வந்த காசை வீட்டுக் கடனின் அசலில் கட்டினார்கள். மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் தண்டம் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இலேயே சொல்லிவிட்டதால், ஆயிரம் இரண்டாயிரம் என்று கட்டவும் வங்கியில் சிரமம் இருக்கவில்லை.

2016 நவம்பரில் ரிங்கிட் மறுபடி விழுந்தது. டிசம்பரில் டாலருக்கு 4.48 வரை போய், ரூபாயில் திரும்பவும் 15-ஐ ஒட்டி வந்தது. தம்பியின் பெயருக்கு நேராக 18,100, அண்ணனின் பெயருக்கு நேராக 23,100. கட்டுகள் சீட்டோடு சேர்த்து 36,250. அந்த மாதமும் நகை அடகுக்குப் போகவில்லை. மாடி மட்டும் இன்னும் பூசாமல்தான் இருந்தது.